பக்கவாதம் வந்து பேச்சு போன நண்பரைப் பார்க்கப் போகிறீர்களா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தர்மபுரி மாவட்டத்தில் மெடிக்கல் வார்டில் பல வருஷம் ஸ்டாஃப் நர்ஸாக வேலை பார்த்தவள் நான். உடம்பு சரியில்லாதவர்களைப் பார்க்க வருகிறவர்கள் கட்டில் பக்கத்தில் வந்ததும் தடுமாறுவது எல்லா நோய்க்கும் உண்டு. ஆனால் 'வாதம் அடிச்சிருச்சு, வாய் பேச வரல' என்று கேள்விப்பட்டு வருகிறவர்கள் தடுமாறுவது போல வேறு எவரும் தடுமாறி நான் பார்த்ததில்லை. அதனால் இங்கே அந்த ஒரு நிலையை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

வார்டுக்குள்ள போனதும் முதல்ல என்ன சொல்றது சிஸ்டர்?

உங்கள் பெயர், ஊர், வந்த காரணம். இந்த மூன்றையும் நீங்களே சொல்லிவிடுங்கள். "மச்சான், நான் மணி. மாரண்டஹள்ளியில இருந்து வந்திருக்கேன். உன்னைப் பார்க்கத்தான் வந்தேன்." அவ்வளவுதான். சொல்லிவிட்டு நிறுத்துங்கள்.

வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் முதலில் கேட்பது "என்னைத் தெரியுதா? நான் யாரு, சொல்லு பார்க்கலாம்" என்பதைத்தான். பாசத்தில் கேட்கிறார்கள். ஆனால் படுத்திருப்பவருக்கு அதைவிடக் கஷ்டமான கேள்வி கிடையாது. அவருக்கு உங்களை நன்றாகத் தெரியும். முகம் தெரியும், உங்கள் வண்டி தெரியும், நீங்கள் வாங்கிய கடன்கூட ஞாபகம் இருக்கும். பெயர் மட்டும் வாய்க்கு வராது. சாவி தொலைந்த பீரோ மாதிரி, பொருள் உள்ளே பத்திரமாக இருக்கிறது, எடுக்கத்தான் முடியவில்லை. சுற்றி நாலு பேர் நிற்கும்போது அவரைப் பரீட்சை எழுத வைத்து, அவர் திணறியதும் "அய்யோ, ஆளே தெரியலையே" என்று நீங்கள் சொன்னால், அன்று முழுக்க அவர் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொள்வார். அப்படித் திரும்பிப் படுத்தவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

வாயைத் திறப்பதற்கு முன்னால் நிற்கும் இடத்தையும் பாருங்கள். பேச்சு போனவர்களில் பெரும்பாலோருக்கு மூளையின் இடதுபக்கம் அடி விழுந்திருக்கும். அதனால் வலது கையும் வலது காலும் செயல் இழந்திருக்கும். சிலருக்கு வலதுபக்கப் பார்வையும் சேர்ந்து மறைந்துவிடும். நீங்கள் வலதுபக்கம் நின்று கூப்பிட்டால் குரல் கேட்கும், ஆள் தெரியாது. திடுக்கிட்டுப் போவார். நல்லாயிருக்கும் கைப்பக்கமாகப் போய், ஸ்டூல் இருந்தால் உட்கார்ந்து, உங்கள் முகம் அவர் கண்ணுக்கு நேராக வரும்படி வைத்துக்கொண்டு பேசுங்கள். அந்தக் கையையே பிடித்துக்கொள்ளலாம். உணர்ச்சி இல்லாத கையைத் தூக்கித் தூக்கிப் பார்க்க வேண்டாம்.

நாம பேசுறது அவருக்குப் புரியுமா, புரியாதா?

இதில் இரண்டு விதம் உண்டு. முதல் விதத்தில் நாம் சொல்வது பெரும்பாலும் புரியும். பதில் சொல்லத்தான் வார்த்தை வராது. ஒரு வார்த்தையைப் பிடிக்க முகமெல்லாம் வேர்க்கும். 'தண்ணி' என்று சொல்ல நினைத்து 'த... த...' என்று நின்றுவிடுவார், அல்லது வேறு வார்த்தை வந்து விழும். தப்பாக வந்துவிட்டது என்று அவருக்கே தெரியும், தலையில் அடித்துக்கொள்வார்.

இரண்டாவது விதம் இதற்கு நேர் எதிர். பேச்சு சரளமாக ஓடும், ஆனால் அர்த்தம் இருக்காது. நாம் சொல்வதும் அவருக்குச் சரியாகப் போய்ச் சேராது. தான் பேசுவது தப்பு என்பதையும் பல சமயம் அவர் உணர மாட்டார். பார்க்க வருகிறவர்கள் இதைப் 'புத்தி பேதலிச்சுப் போச்சு' என்று எடுத்துக்கொள்கிறார்கள். அது தவறு. மூளையில் பேச்சைப் புரிந்துகொள்ளும் பகுதி அடிபட்டிருக்கிறது, அவ்வளவுதான். இவரிடம் நிறையப் பேசாமல் சைகையும் முகபாவமும் சேர்த்துப் பேசுங்கள். அவர் சொல்வதைத் திருத்த வேண்டாம்.

இரண்டும் கலந்தும் வரலாம். எந்த விதம் என்று உள்ளே போவதற்கு முன்னால் வராண்டாவிலேயே கூட இருப்பவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். தெரியவில்லை என்றால் எல்லாம் புரிகிறது என்றே வைத்துக்கொண்டு பேசுங்கள். புரியாதவரிடம் புரியும் என்று நினைத்துப் பேசுவதால் நஷ்டம் ஒன்றும் இல்லை. எல்லாம் புரிகிறவர் காது கேட்க "இனிமே இந்த ஆளு எங்க எழுந்து நடக்கப் போறான்" என்று சொல்லிவிட்டால் அதைத் திரும்ப எடுக்க முடியாது.

கத்திப் பேசவும் வேண்டாம். காது கேட்காமல் போகவில்லை. குழந்தையிடம் கொஞ்சுகிற மாதிரி "சாமி, கண்ணு, அம்மா பேர் சொல்லு" என்றும் வேண்டாம். ஐம்பது வயது ஆளுக்கு அது அவமானம்.

"எப்படி இருக்க?"ன்னு கேக்கறதுகூடத் தப்பா?

தப்பு இல்லை, அவருக்கு அது கஷ்டம். அதற்குப் பதில் சொல்ல நாலு வார்த்தையைத் தேடிக் கோர்க்க வேண்டும். "ராத்திரி எப்படித் தூங்கின?", "என்ன சாப்பிட்ட?" எல்லாமே அப்படித்தான். அதையே ஆமா, இல்லை என்று முடிகிற மாதிரி மாற்றுங்கள். "ராத்திரி தூக்கம் வந்துச்சா?" "தோள் வலிக்குதா?" "ஃபேன் காத்து ஜாஸ்தியா இருக்கா?" ஒரு தடவைக்கு ஒரே கேள்வி.

கேட்டுவிட்டுக் காத்திருங்கள். மனசுக்குள் நிதானமாகப் பத்து வரை எண்ணுங்கள். நம் ஆட்களுக்கு இந்தப் பத்துதான் பெரும் கஷ்டம். மூன்று வருவதற்குள் அதே கேள்வியை வேறு வார்த்தையில் கேட்டுவிடுவோம், பாதியில் இருந்த அவர் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும். அவர் திணறும்போது வார்த்தையை முந்திக்கொண்டு எடுத்துக் கொடுக்கவும் வேண்டாம். உதவி கேட்கிற மாதிரி உங்களையே பார்த்தால் அப்போது கொடுக்கலாம்.

இன்னொன்று, சிலருக்கு ஆமாவும் இல்லையும் மாறிப் போகும். 'ஆமா' என்று சொல்லிக்கொண்டே தலையை 'இல்லை' என்று ஆட்டுவார். அப்போது வாயை நம்ப வேண்டாம். நல்ல கையின் கட்டைவிரலைக் காட்டச் சொல்லுங்கள், மேலே என்றால் சரி, கீழே என்றால் வேண்டாம். விடை தெரிந்த ஒரு விஷயத்தைப் பேச்சோடு பேச்சாக இயல்பாகக் கேட்டுப் பார்த்தால் அந்த வழி வேலை செய்கிறதா என்று உங்களுக்கே தெரிந்துவிடும்.

எங்க வீட்டுல தெலுங்கு, வெளியில தமிழ். அவருகிட்ட எதுல பேசறது?

ஓசூர், தேன்கனிக்கோட்டைப் பக்கத்திலிருந்து வருகிறவர்கள் இதைக் கேட்பது நியாயம்தான். தெலுங்கும் கன்னடமும் தமிழும் கலந்து புழங்குகிற ஊர். இரண்டு மொழி பேசியவருக்குப் பேச்சு போனால் இரண்டும் ஒரே அளவில் திரும்ப வரும் என்று சொல்ல முடியாது. எது முதலில் வரும் என்றும் முன்கூட்டியே சொல்ல முடியாது. நீங்களும் அவரும் இத்தனை காலம் எந்த மொழியில் பேசிக்கொண்டீர்களோ, அதிலேயே பேசுங்கள். அதற்குப் பதில் வராமல், சம்சாரத்திடம் கன்னடத்தில் ஒரு வார்த்தை சொன்னார் என்றால் வருத்தப்பட வேண்டாம். டாக்டரிடமும் பேச்சுப் பயிற்சி கொடுப்பவரிடமும் அதைச் சொல்லுங்கள், அவர்களுக்கு உபயோகமான தகவல்.

என்னைப் பாத்ததும் ஓன்னு அழுதுட்டாரு. நான் எதாவது தப்பா சொல்லிட்டேனா?

பெரும்பாலும் இல்லை. பக்கவாதத்துக்குப் பிறகு அழுகையையும் சிரிப்பையும் அடக்கும் பிடி தளர்ந்து போவது உண்டு. தெரிந்த முகம், பழைய பேர், பேரப்பிள்ளை போட்டோ, எதைப் பார்த்தாலும் பொங்கிவிடும். மனசில் இருக்கும் துக்கத்தின் அளவைவிட அழுகை பெரிதாக வரும். சில சமயம் சிரிக்க வேண்டிய இடத்தில் அழுகை வரும். நிஜமான வருத்தமும் இருக்கும், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அழுகையை வைத்து மட்டும் அளக்க முடியாது.

"ஆம்பளை அழலாமா? தைரியமா இருக்கணும்" என்று சொல்லாதீர்கள். நீங்களும் சேர்ந்து விசும்பத் தொடங்கினால் அடங்க நேரமாகும். கையைப் பிடித்தபடி "சரி மச்சான், இருக்கேன்" என்று சொல்லிச் சும்மா இருங்கள். அநேகமாகக் கொஞ்ச நேரத்தில் தானாக நின்றுவிடும். நின்றதும் வேறு பேச்சுக்குப் போங்கள். பொழுது முழுக்க அழுதுகொண்டே இருக்கிறார், சாப்பாடு வேண்டாம் என்கிறார், தூங்குவதில்லை என்று வீட்டார் சொன்னால் அது வேறு. மனச்சோர்வாக இருக்கலாம், அதற்கு மருந்து உண்டு. ரவுண்ட்ஸ் வரும் டாக்டரிடம் சொல்லச் சொல்லுங்கள்.

கட்டில் பக்கத்துல நின்னு அவரு சம்சாரத்துகிட்ட என்ன பேசலாம், என்ன பேசக் கூடாது?

கட்டில் பக்கத்தில் பேசுவதெல்லாம் அவரிடமும் பேசுவதுதான். அவர் தலைக்கு மேலே, அவர் அங்கே இல்லாத மாதிரி 'சாப்பிடுறாரா, மலம் போறாரா' என்று விசாரிக்காதீர்கள். கேட்டே ஆக வேண்டும் என்றால் அவரைப் பார்த்து, "மச்சான், உன்னைப் பத்தி அக்காகிட்ட கேட்டுக்கறேன்" என்று சொல்லிவிட்டுக் கேளுங்கள்.

அந்த அம்மாவிடம் ஒருபோதும் சொல்லக் கூடாதது, "கொஞ்சம் முன்னாடியே கொண்டு வந்திருந்தா காப்பாத்தியிருக்கலாமாமே." இது பொய் என்று நான் சொல்லவில்லை. ரத்தக்கட்டி அடைத்து வரும் பக்கவாதத்துக்கு, தொடங்கின நேரத்திலிருந்து நாலரை மணி நேரத்துக்குள் வந்தால் கட்டியைக் கரைக்கும் ஊசி போட வாய்ப்பு உண்டு. பென்னாகரத்துக்கு அந்தப் பக்கம் ஒரு மலைக் கிராமத்தில் விடியற்காலை எழுந்து பார்க்கும்போது கணவருக்கு வாய் கோணியிருந்தால், அது எத்தனை மணிக்குத் தொடங்கியது என்றுகூட அந்த அம்மாவுக்குத் தெரிந்திருக்காது. இந்தக் கணக்கை டாக்டர் கேட்ட நிமிஷத்திலிருந்து அவர் மனசுக்குள் ஆயிரம் தடவை போட்டுப் பார்த்திருப்பார். நீங்களும் ஒரு தடவை போட வேண்டாம். அடுத்து வேறு யாருக்காவது முகம் கோணினால், கை தொங்கினால், பேச்சு குழறினால் உடனே 108-ஐக் கூப்பிட வேண்டும் என்பதை வெளியே போய் ஊரில் சொல்லுங்கள், அங்கே அது உபயோகப்படும்.

"இங்க ஏன் வெச்சிருக்கீங்க, சேலத்துக்குக் கொண்டு போங்க, பெங்களூருக்குக் கொண்டு போங்க" என்பதும் அப்படியே. நிஜமாகவே அப்படித் தோன்றினால் குடும்பத்தில் முடிவெடுக்கிற ஒருவரைத் தனியாக வெளியே கூப்பிட்டு, டாக்டர் என்ன சொன்னார் என்று முதலில் கேட்டுவிட்டுப் பேசுங்கள்.

புறா ரத்தம் தேய்த்தால் சரியாகும், இன்ன ஊரில் ஒருவர் எண்ணெய் கொடுக்கிறார் என்று சொல்கிறவர்களும் தவறாமல் வருவார்கள். அடைப்பு மூளைக்குப் போகும் ரத்தக்குழாயில் இருக்கிறது, தோலில் எதைத் தேய்த்தாலும் அங்கே போய்ச் சேராது. இதைக் கேட்டுவிட்டு நாலாம் நாளே பெயரை வெட்டிக்கொண்டு போய், மாத்திரையை நிறுத்தி, மறுபடி வாதம் வந்து திரும்பியவர்களை வார்டில் பார்த்திருக்கிறேன். எனக்கு இன்றுவரை ஆறாத விஷயம் இது. தயவுசெய்து அந்தப் பேச்சைக் கட்டில் பக்கத்தில் எடுக்காதீர்கள்.

இளநி வாங்கிட்டு வந்திருக்கேன். ஒரு வாய் குடிக்கறியான்னு கேக்கலாமா?

கேட்கவே கேட்காதீர்கள். பக்கவாதம் வந்த பலருக்கு விழுங்கும் திறனும் சேர்ந்து போயிருக்கும். தண்ணீர், இளநீர், காபி மாதிரி நீர்த்தவைதான் இதில் அதிக ஆபத்து. உணவுக்குழாய்க்குப் போக வேண்டியது மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். நமக்கு என்றால் புரை ஏறி இருமித் தள்ளிவிடுவோம். சிலருக்கு இருமல்கூட வராது, சத்தமில்லாமல் நுரையீரலுக்குப் போய் நிமோனியாவில் கொண்டுபோய் விடும். மூக்கில் குழாய் போட்டிருந்தால் வாய்வழியாகக் கொடுக்கக் கூடாது என்றே எடுத்துக்கொள்ளுங்கள். குழாய் இல்லை என்றாலும் சிஸ்டரிடம் கேட்காமல் ஒரு சொட்டு கூடாது.

நீங்கள் கேட்டால் அவர் ஆசையோடு தலையாட்டுவார். தாகம் இருக்கும். அப்புறம் இல்லை என்று சொல்ல வேண்டிய பாவம் அவர் சம்சாரத்துக்கு வரும். இளநியைக் கூட இருப்பவருக்குக் கொடுங்கள். அதைவிட நல்லது, ராத்திரிக்கு அவர்களுக்கு நாலு இட்லி பார்சல். நோயாளிக்கு என்றால் அவருடைய மூக்குக்கண்ணாடியை வீட்டிலிருந்து எடுத்து வரச் சொன்னார்களா என்று விசாரித்து எடுத்துப் போங்கள். அவசரத்தில் தூக்கிக்கொண்டு வந்ததில் பாதிப் பேருக்குக் கண்ணாடி வீட்டிலேயே கிடக்கும்.

பாட்டு பாடுறாரு, திட்டுறாரு, ஆனா பேச மாட்டேங்கறாரு. நடிக்கிறாரா?

இல்லை. ஒன்று இரண்டு மூன்று என்று எண்ணுவது, சாமி பாட்டு, பழகிப்போன வசவு, 'அய்யோ அப்பா' இதெல்லாம் யோசிக்காமல் தானாக வருபவை. யோசித்துக் கோர்க்கும் பேச்சு போனாலும் இவை மிஞ்சியிருப்பது சகஜம். வசவு வந்தால் உங்கள் மேல் கோபம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். "பாட்டு வருது, என் பேர் வரலையா?" என்றும் கேட்காதீர்கள். அவர் பாடினால் சேர்ந்து பாடலாம்.

ஒரு தடவை நல்லபடியா பாத்துட்டு வந்தவங்க எப்படிப் பேசினாங்கன்னு சொல்லுங்களேன்.

பாலக்கோடு தக்காளி மண்டியில் வேலை பார்த்தவர் ஒருவர், வலதுபக்கம் விழுந்து, வாய் பேச வராமல் எங்கள் வார்டில் இருந்தார். பேச்சு புரியும், சொல்ல வராது. முதல் இரண்டு நாள் வந்தவர்கள் எல்லாரும் "யாருன்னு தெரியுதா" என்று கேட்டுக் கேட்டு, அவர் கண்ணைத் திறக்கவே மாட்டேன் என்று படுத்துவிட்டார். மூன்றாம் நாள் சாயந்திரம் மண்டிக்காரர் ஒருவர் வந்தார். பெயரை மணி என்று வைத்துக்கொள்வோம். கதவுப்பக்கம் நின்று என்னிடம் "எந்தப் பக்கம் சிஸ்டர் நல்லாயிருக்கு?" என்று கேட்டார். வீட்டில் யாருக்கோ இதே மாதிரி பார்த்துப் பழகியவர் போல.

இடதுபக்கம் போய் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "பங்காளி, மணி வந்திருக்கேன். மண்டியில இருந்து நேரா வர்றேன்." அவர் கண்ணைத் திறந்தார். மணி உடனே எதுவும் கேட்கவில்லை. "இன்னிக்குக் கிரேடு விலை ஏறிப்போச்சு" என்றார். அப்புறம் இரண்டு வரியில் எந்த லாரி வந்தது, யார் சண்டை போட்டார்கள் என்று சொன்னார். அதற்குப் பிறகுதான் ஒரு கேள்வி: "உன் கணக்கு நோட்டு வீட்டுல இருக்கா?" படுத்திருந்தவர் இல்லை என்று தலையாட்டினார். "மண்டியிலயா?" ஆமாம். "மேஜையிலயா?" இல்லை. "பெட்டியிலயா?" ஆமாம். மணி நிறுத்தினார், அவசரப்படவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அவர் வாயிலிருந்து "சா... சாவி" என்று வந்தது. சட்டைப்பையில் சாவி இருந்தது, அவர் சம்சாரம் எடுத்துக் கொடுத்தார்.

"பாரு, பேச வருது! இன்னொரு தடவை சொல்லு" என்று மணி கூத்தாடவில்லை. "சரி, சாவி எடுத்துக்கறேன்" என்று மட்டும் சொன்னார். வழக்கம்போல ஒரு வேலையைச் சொல்லி முடித்த ஆளாக அவரை நடத்தினார். நோய் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

எத்தனை நேரம் உக்காரலாம்? கிளம்பும்போது என்ன சொல்றது?

பத்து நிமிஷம், மிஞ்சினால் கால் மணி. வார்த்தையைத் தேடுவது அவருக்கு மூட்டை தூக்குகிற வேலையைவிடக் களைப்பு. கண் சொருகினால், ஆமா இல்லை மாறி மாறி வர ஆரம்பித்தால் களைத்துவிட்டார் என்று அர்த்தம், எழுந்துவிடுங்கள். கூட்டமாகப் போனால் கட்டில் பக்கத்தில் இரண்டு பேருக்கு மேல் நிற்க வேண்டாம், ஒரு நேரத்தில் ஒருவர் பேசினால் போதும். இரண்டு பேர் குறுக்கே குறுக்கே பேசினால் புரிகிறவருக்கும் புரியாமல் போகும்.

கிளம்பும்போது "ஒரு மாசத்துல ஓடி ஆடுவ பாரு" என்று நாள் குறிக்காதீர்கள். முதல் சில மாதங்களில் முன்னேற்றம் வேகமாக இருக்கும், அதற்குப் பிறகும் மெதுவாகத் தொடரும், ஆளுக்கு ஆள் மாறும். நீங்கள் சொன்ன மாசம் முடிந்து பேச்சு வரவில்லை என்றால் அவர்தான் தோற்றுப்போன மாதிரி ஆகிவிடும். உங்களால் நிச்சயம் முடிவதை மட்டும் சொல்லுங்கள். "வியாழக்கிழமை சாயந்திரம் வர்றேன்." சொன்னால் வர வேண்டும். பேச முடியாமல் படுத்திருப்பவர் வியாழக்கிழமை காலையிலிருந்தே கதவைப் பார்த்துக்கொண்டிருப்பார், வரமுடியாது என்றால் போன் போட்டு வீட்டாரிடமாவது சொல்லிவிடுங்கள்.

ஊருல எல்லாரும் கேக்கறாங்க. வீடியோ கால் போட்டுக் காட்டலாமா?

வேண்டாம். வாய் கோணி, மூக்கில் குழாயோடு இருக்கும் முகத்தை யாரிடம் காட்டுவது என்று அவர்தான் முடிவு செய்ய வேண்டும். கட்டைவிரலைக் காட்டிச் சம்மதம் சொன்னால் ஒரே ஒருவரிடம், ஒரு நிமிஷம். போட்டோ எடுத்து குரூப்பில் போடுவதற்கு வீட்டார் சரி என்றாலும் அவரைக் கேளுங்கள்.